உள்ளடக்க எழுத்தாளர் வேலைக்கு அறிமுகக் கடிதம்: வலைப்பூப் பதிவுகளை எப்படிக் காட்டுவது?

வேர்க்கால்

எல்லோருக்கும் வணக்கம். தாவரவியலில் இளநிலைப் பட்டம் முடித்திருக்கிறேன். வீட்டுத்தோட்டத்துக்கான விதை, உரம், தொட்டி போன்றவற்றை இணையத்தில் விற்கும் ஒரு கோவை நிறுவனம் உள்ளடக்க எழுத்தாளர் தேவை என்று விளம்பரம் செய்திருக்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத வேண்டும், முன்அனுபவம் கட்டாயமில்லை, அறிமுகக் கடிதத்துடன் இரண்டு அல்லது மூன்று எழுத்து மாதிரிகள் அனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

அச்சில் என் எழுத்து எதுவும் வந்ததில்லை. கல்லூரி முதலாண்டிலிருந்து பிளாக்கரில் எழுதிவரும் வலைப்பூதான் என்னிடம் இருக்கிறது. மாடித்தோட்டம், பூச்சிகள், களப்பயணங்கள், சில கவிதைகள் என்று நாற்பதுக்கு மேற்பட்ட பதிவுகள். எழுதிவைத்திருக்கும் கடிதத்தைக் கீழே தருகிறேன். தயங்காமல் குறை சொல்லுங்கள்.

> மதிப்பிற்குரிய மனிதவள மேலாளர் அவர்களுக்கு,
>
> வணக்கம். தங்கள் நிறுவனத்தில் உள்ளடக்க எழுத்தாளர் பணியிடம் காலியாக இருப்பதை விளம்பரத்தின் வாயிலாக அறிந்தேன். நான் இவ்வாண்டு தாவரவியலில் இளநிலைப் பட்டம் பெற்றுள்ளேன். சிறு வயது முதலே எழுத்தின் மீது எனக்குப் பேரார்வம் உண்டு. கடின உழைப்பு, குழுவாகப் பணியாற்றும் திறன், புதியவற்றை விரைந்து கற்கும் ஆற்றல் ஆகியவை என் பலங்கள்.
>
> மூன்று ஆண்டுகளாக வலைப்பூ எழுதி வருகிறேன். அதில் நாற்பதுக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. கீழ்க்கண்ட முகவரியில் அவற்றைக் காணலாம். வாய்ப்பளித்தால் நிறுவனத்தின் வளர்ச்சிக்கு என்னால் இயன்ற அனைத்தையும் செய்வேன் என்று உறுதியளிக்கிறேன்.
>
> தங்கள் உண்மையுள்ள,

கிருதுமால்

வாழ்த்துகள் சகோதரி. நான் ஒரு விளம்பர நிறுவனத்தில் எழுத்தாளராக இருக்கிறேன். கடிதம் மரியாதையாக இருக்கிறது, ஆனால் எண்களே இல்லை. பிளாக்கர் புள்ளிவிவரப் பக்கத்தில் மொத்தப் பார்வை எண்ணிக்கை இருக்கும். அதை முதல் பத்தியிலேயே போடுங்கள். இந்தத் தொழிலில் எண்தான் பேசும்.

இரண்டாவது, இணைப்பை நம்பாதீர்கள். சொடுக்கிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. எல்லாப் பதிவுகளையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக்கி மின்னஞ்சலோடு அனுப்புங்கள். கடிதமும் ஒரு முழுப் பக்கம் இருக்கட்டும். இப்போது இருப்பது மிகவும் சிறியது.

மாடக்குளத்தான்

அம்மா, அரசு அலுவலகத்தில் நெடுங்காலம் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். விண்ணப்பத்தில் அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற நான்கும் இடம்பெற வேண்டும். பார்வையில் விளம்பரம் வந்த நாளைக் குறிப்பிடுங்கள். பட்டச் சான்றிதழின் நகலில் சான்றொப்பம் பெற்று இணையுங்கள். "எழுத்து மாதிரி" என்று கேட்டிருக்கிறார்கள். உங்கள் கையெழுத்து எப்படி இருக்கிறது என்று பார்க்க விரும்புவார்கள் போலும். கோடிட்ட தாளில் ஒரு பக்கம் தெளிவாக எழுதி அனுப்பினால் போதும்.

வேர்க்கால்

நன்றி ஐயா. அவர்கள் கேட்பது கையெழுத்தை அல்ல, நான் எழுதிய கட்டுரைகளை. எல்லாம் மின்னஞ்சலில்தான் போகும். ஆனால் பொருள் வரியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அதில் என்ன எழுதலாம்?

மேசைவிளக்கு

நான் வேளாண் செய்திகளும் கட்டுரைகளும் வெளியிடும் ஒரு தளத்தில் ஆசிரியர் பொறுப்பில் இருக்கிறேன். எழுதுபவர்களைத் தேர்ந்தெடுப்பதும் என் வேலைதான். அந்தப் பக்கத்திலிருந்து இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

இப்படிப்பட்ட விளம்பரத்துக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை பேரார்வம், கடின உழைப்பு, விரைந்து கற்றல் என்ற மூன்றையும் சொல்கின்றன. எல்லோரும் சொல்வதால் அவை கண்ணில் படாமலே போய்விடுகின்றன. உங்கள் கடிதத்தில் உங்களுக்கு மட்டும் உரியவை இரண்டே இரண்டு: தாவரவியல் படித்திருக்கிறீர்கள், பூச்சிகளைப் பற்றியும் மாடித்தோட்டத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். விதை விற்கும் நிறுவனத்துக்கு இவை இரண்டும் பெரிய விஷயங்கள். ஆனால் முதலாவதை ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். இரண்டாவது உங்கள் கடிதத்தில் இல்லவே இல்லை. "நாற்பதுக்கும் மேற்பட்ட பதிவுகள்" என்று இருக்கிறதே தவிர, எதைப் பற்றிய பதிவுகள் என்று இல்லை.

முகப்பு முகவரியை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? சொடுக்கினால் கடைசியாகப் போட்ட பதிவு மேலே நிற்கும். உங்கள் வலைப்பூவில் இப்போது மேலே இருப்பது என்ன?

வேர்க்கால்

பிரிவுபசார விழாவுக்கு எழுதிய கவிதை.

மேசைவிளக்கு

அப்படியானால் அந்த நிறுவனத்துக்காரர் முதலில் படிப்பது அந்தக் கவிதையைத்தான். அது நல்ல கவிதையாகவே இருந்தாலும், மண்ணையும் விதையையும் பற்றி உங்களால் எழுத முடியுமா என்ற அவருடைய கேள்விக்கு அதில் பதில் இல்லை. கீழே உருட்டித் தேடிப் பார்க்கவும் மாட்டார். இரண்டு அல்லது மூன்று கேட்டிருக்கிறார்கள் அல்லவா? மூன்று பதிவுகளை நீங்களே தேர்ந்தெடுத்து, அந்தந்தப் பதிவின் நேரடி முகவரியைக் கொடுங்கள். முகப்பு முகவரியைக் கடிதத்தின் அடியில், உங்கள் பெயருக்கும் தொலைபேசி எண்ணுக்கும் கீழே போட்டால் போதும்.

எந்த மூன்று என்பதற்கு விளம்பரத்தையே பாருங்கள். இரண்டு மொழி கேட்கிறார்கள், ஆகவே ஒன்றாவது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். பொருளை விற்கும் தளம் என்பதால் "எப்படிச் செய்வது" என்ற வகைக் கட்டுரை அவர்களுக்கு அடிக்கடி தேவைப்படும். அப்படி ஒன்று இருக்கட்டும். மூன்றாவது, தேடிப் படித்து விஷயத்தைத் திரட்டி நீங்கள் எழுதியதாக இருக்கட்டும். அப்படிப் பதிவுகள் இருக்கின்றனவா?

கிருதுமால் சொன்னதில் ஒரு பாதியை ஏற்கிறேன். எண் இருந்தால் நல்லதுதான். ஆனால் பிளாக்கரின் பார்வை எண்ணிக்கையைக் கடிதத்தில் போடாதீர்கள். தானியங்கி நிரல்கள் வந்துபோவதும் அதில் சேர்ந்துவிடுகிறது. உங்கள் சொந்தப் பார்வையைக் கணக்கிட வேண்டாம் என்று நீங்களே அமைப்பில் சொல்லாவிட்டால் அதுவும் சேரும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியும். கூகுள் சர்ச் கன்சோலில் வலைப்பூவை இணைத்திருந்தால், எந்தத் தேடலுக்கு எந்தப் பதிவு வந்தது, எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பது பதினாறு மாதம் வரை பின்னோக்கித் தெரியும். ஒரே ஒரு பதிவு ஒரு குறிப்பிட்ட தேடலில் தொடர்ந்து சொடுக்கப்படுகிறது என்று காட்ட முடிந்தால், எண்ணிக்கை சிறியதாக இருந்தாலும் அதற்கு மதிப்பு உண்டு.

கிருதுமால்

புள்ளிவிவரத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் பிடிஎஃப் பற்றி என் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன். எங்கள் அலுவலகக் கணினிகளில் பல தளங்கள் தடுக்கப்பட்டிருக்கின்றன. வலைப்பூ முகவரிகள் திறக்காது. பிடிஎஃப் அனுப்பியவருடையதை மட்டும்தான் எங்களால் படிக்க முடிந்தது.

மேசைவிளக்கு

அது உண்மையில் நடப்பதுதான். ஆகவே அந்த மூன்று பதிவுகளை மட்டும் ஒரே பிடிஎஃப் ஆக்கி, இணைப்புகளோடு கூடுதலாக அனுப்பலாம். நாற்பதையும் அனுப்பினால் யாரும் திறக்க மாட்டார்கள். கோப்புக்கு உங்கள் பெயரையும் "மாதிரிகள்" என்ற சொல்லையும் பெயராக வையுங்கள். பலர் அனுப்புவது `Untitled document.pdf` என்று வந்து நிற்கும், யாருடையது என்று தேட வேண்டியிருக்கும்.

கடிதம் ஒரு முழுப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. மின்னஞ்சலின் உடலிலேயே, இருநூறு சொற்களுக்குள் முடியட்டும். பலர் கைபேசியில்தான் படிக்கிறார்கள். உருட்டாமலேயே முதல் மாதிரியின் பெயர் கண்ணில் பட்டுவிட வேண்டும்.

வேர்க்கால்

மூன்று பதிவுகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

ஒன்று, பப்பாளி மாவுப்பூச்சி பற்றித் தமிழில் எழுதியது. 2008-ல் கோவையில் அந்தப் பூச்சி முதன்முதலாகத் தென்பட்டதும், பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவியதும், 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்டபின் அடங்கியதும். எங்கள் துறைப் பேராசிரியரிடமும், அப்போது மரவள்ளி பயிரிட்டிருந்த ஒரு விவசாயியிடமும் பேசி எழுதினேன்.

இரண்டு, வேப்பெண்ணெய்க் கரைசல் தயாரிக்கும் முறை, தமிழில்.

மூன்று, தென்னை நார்க்கழிவை ஏன் அலசிவிட்டுப் பயன்படுத்த வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியது.

முதல் பதிவின் முகவரியைக் கைபேசியிலிருந்து நகலெடுத்து இங்கே போடுகிறேன். வலைப்பூவின் பெயரை மட்டும் மறைத்திருக்கிறேன்.

```
https://•••.blogspot.com/2023/08/blog-post_17.html?m=1
```

மேசைவிளக்கு

நல்ல தேர்வு. முதல் பதிவு இருக்கும்போது நீங்கள் ஏன் "பேரார்வம்" என்று எழுதிக்கொண்டிருந்தீர்கள் என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது. விவசாயியிடம் நேரில் பேசி எழுதிய பட்டதாரி எனக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

முகவரியைப் பாருங்கள். தமிழில் தலைப்பு வைத்தால் பிளாக்கர் தமிழ் எழுத்துகளை விட்டுவிட்டு `blog-post_17` என்று தானாகவே பெயர் வைத்துக்கொள்கிறது. மூன்று முகவரிகளையும் இப்படியே அடுக்கினால் எது எதைப் பற்றியது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே மின்னஞ்சலில் பதிவின் தலைப்பை எழுதி, அந்தத் தலைப்பிலேயே இணைப்பைப் பொருத்துங்கள். வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு வேறு தொல்லை. அங்கே தமிழ்த் தலைப்பு முகவரியிலும் வரும், நகலெடுத்து ஒட்டும்போது `%E0%AE%` என்று தொடங்கும் நீண்ட வால்களாக மாறும், சில இடங்களில் நடுவில் முறிந்தும் போகும். அவர்களுக்கும் இதே வழிதான்.

கடைசியில் இருக்கும் `?m=1` என்பதை எடுத்துவிடுங்கள். அது கைபேசிக்கான பக்கத்தைத் திறக்கச் சொல்வது. கணினியில் பார்ப்பவருக்கும் கைபேசி வடிவமே திறக்கும், படங்களும் வரிகளும் வேறுவிதமாகத் தெரியும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: பழைய சுயவிவரங்களில் `blogspot.in` என்று முடியும் முகவரி இன்னும் கிடக்கிறது. அந்த `.in` 2020-ல் கூகுளின் கையை விட்டுப் போய்விட்டது. `.com` என்று மாற்றினால் அதே பதிவு திறக்கும்.

தெற்குவாசல்

இடையில் வருவதற்கு மன்னியுங்கள். நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். வலைப்பூவே கிடையாது. ஒரு நிறுவனத்துக்காகப் பகுதிநேரமாக நிறையக் கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். எல்லாம் அவர்களுடைய வாடிக்கையாளர்களின் தளங்களில், என் பெயர் இல்லாமல் வெளிவந்தவை. வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். நான் எதைக் காட்டுவது? நான் எழுதிய கூகுள் டாக்ஸ் கோப்புகள் என்னிடம் இருக்கின்றன, அவற்றின் இணைப்பைக் கொடுத்தால் என்ன?

மேசைவிளக்கு

கொடுக்காதீர்கள் தம்பி. கையெழுத்துப் போட்டதை மீறுவது ஒருபுறம் இருக்கட்டும். அதைப் பார்க்கும் புதிய நிறுவனம், நாளைக்கு நம் கோப்பையும் இப்படித்தான் காட்டுவார் என்றுதான் நினைக்கும். பழைய நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, இன்ன இரண்டு கட்டுரைகளை வேலை விண்ணப்பத்தில் மட்டும் காட்டலாமா என்று கேளுங்கள். சிலர் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் வாடிக்கையாளரின் பெயரைச் சொல்லாமல், எந்தத் துறைக்கு எந்த வகைக் கட்டுரைகள் எழுதினீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரி போடுங்கள். மாதிரிக்கு, விண்ணப்பிக்கும் நிறுவனத்தின் துறையில் புதிதாக ஒன்றை எழுதுங்கள்.

அந்தப் புதிய மாதிரியை கூகுள் டாக்ஸில் வைத்தால், பகிரும் அமைப்பு `Restricted` என்றிருக்கும். அதை `Anyone with the link` என்று மாற்றி, `Viewer` என்று வையுங்கள். மாற்றாமல் அனுப்பினால், திறப்பவருக்கு அனுமதி கேட்கும் பக்கம்தான் வரும். அவர் அனுமதி கேட்டு, நீங்கள் மறுநாள் பார்த்துக் கொடுப்பதற்குள் அவர் அடுத்த விண்ணப்பத்துக்குப் போயிருப்பார். அனுப்புமுன் உலாவியின் மறைநிலைச் சாளரத்தில், எந்தக் கணக்கிலும் உள்நுழையாமல் ஒவ்வோர் இணைப்பையும் திறந்து பாருங்கள். நம் கணினியில் நமக்கு எல்லாமே திறக்கும் என்பதால் இந்தக் கோளாறு நமக்குத் தெரிவதே இல்லை.

தெற்குவாசல்

கேட்டுப் பார்க்கிறேன். ஆனால் புதிதாக எழுதுவதை வெளிவந்த கட்டுரைக்குச் சமமாக மதிப்பார்களா என்ற சந்தேகம் எனக்குத் தீரவில்லை.

நிழற்குடை

மீடியம் தளத்தில் எழுதுபவர்களும் கவனிக்க வேண்டும். பதிவை உறுப்பினர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தால், வெளியார் பாதி படிப்பதற்குள் கதவு அடைத்துவிடும். அந்தப் பதிவுக்கு நண்பர் இணைப்பு என்று தனியாக ஒன்று எடுக்கலாம், அதைத்தான் அனுப்ப வேண்டும். என் தங்கைக்கு இது தெரியாமல் ஒரு நேர்காணல் வாய்ப்பு போயிற்று.

வேர்க்கால்

மறைநிலைச் சாளரத்தில் பார்த்துவிட்டேன், மூன்றும் திறக்கின்றன. மேசைவிளக்கு அண்ணா, முதல் பதிவின் தொடக்கத்தை இங்கே போடுகிறேன். இது சரியாக இருக்கிறதா?

> இன்றைய நவீன உலகில் விவசாயம் பல்வேறு சவால்களைச் சந்தித்து வருகிறது. பருவநிலை மாற்றம், நீர்ப் பற்றாக்குறை, ஆள் பற்றாக்குறை ஆகியவற்றோடு பூச்சித் தாக்குதலும் விவசாயிகளைப் பெரிதும் வாட்டுகிறது. அத்தகைய பூச்சிகளுள் ஒன்றைப் பற்றி இந்தப் பதிவில் காண்போம்.

மேசைவிளக்கு

எந்தப் பூச்சி என்று இரண்டாவது பத்தியிலாவது வருகிறதா?

வேர்க்கால்

நான்காவது பத்தியில். அது இப்படித் தொடங்கும்: "இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல் வெள்ளை வெள்ளையாக இருக்கும். விரலால் நசுக்கினால் மஞ்சளாக ஈரம் கசியும். 2008-ல் கோவைப் பகுதி பப்பாளித் தோட்டங்களில் இதைப் பார்த்தவர்களுக்கு இது என்ன பூச்சி என்று தெரியவில்லை."

மேசைவிளக்கு

அதுதான் உங்கள் முதல் பத்தி. மேலே இருக்கும் மூன்று பத்திகளையும் நீக்கிவிடுங்கள். மாதிரியைத் திறப்பவர் படிப்பது பெரும்பாலும் முதல் திரையில் தெரிவதைத்தான். அங்கே "இன்றைய நவீன உலகில்" என்று இருந்தால் மூடிவிடுவார். இலையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னால் கீழே இறங்குவார்.

கிருதுமால்

இது முறையா? மாதிரி என்பது நாம் அப்போது எழுதியது. விண்ணப்பத்துக்காகத் திருத்தினால் அது ஏமாற்று ஆகாதா?

மேசைவிளக்கு

அவருடைய வலைப்பூ, அவருடைய எழுத்து, திருத்துவதும் அவரே. எழுத்தாளர் வேலையில் பாதி நேரம் திருத்துவதில்தான் போகிறது. பதிவின் அடியில் "திருத்தியது" என்று மாதமும் ஆண்டும் போட்டுவிட்டால் எதையும் மறைத்ததாகாது. வேறொருவர் கையால் திருத்தி வாங்கி அனுப்பினால்தான் தவறு. வேலைக்குச் சேர்ந்ததும் அது வெளியே வந்துவிடும்.

கிருதுமால்

இங்கே எந்தப் பத்தியை நீக்குவது என்று சொன்னது நீங்கள். அப்படியானால் கோடு எங்கே இருக்கிறது?

மேசைவிளக்கு

நியாயமான கேள்வி. வாக்கியங்கள் அனைத்தும் அவருடையவை, நான் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை என்பதால் என் மனம் ஒப்புகிறது. உங்களுக்கு ஒப்பாவிட்டால் அதையும் மதிக்கிறேன்.

நிழற்குடை

படங்கள்? பூச்சியின் படம் எங்கே எடுத்தது?

வேர்க்கால்

இலைப் படம் நான் எடுத்தது. குளவியின் படம் இணையத்தில் தேடி எடுத்தது. அது மிகச் சிறியது, என் கைபேசியில் எடுக்க முடியாது.

நிழற்குடை

அதை எடுத்துவிடுங்கள். நான் வடிவமைப்பாளர், படத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அனுமதியில்லாத படத்தை நிறுவனத்தின் தளத்தில் நீங்கள் போட்டால் வழக்கு நிறுவனத்தின் மேல் வரும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் மாதிரியிலேயே இதைக் கவனிப்பார்கள். விக்கிமீடியா காமன்ஸில் உரிமக் குறிப்போடு கிடைத்தால் எடுத்தவரின் பெயரைப் போட்டுப் பயன்படுத்துங்கள். கிடைக்காவிட்டால் குளவி இல்லாமலேயே பதிவு நிற்கும்.

வேர்க்கால்

பதிவைத் திருத்திவிட்டேன், குளவிப் படத்தையும் எடுத்துவிட்டேன். கடிதத்தை மறுபடி எழுதியிருக்கிறேன்.

> பொருள்: உள்ளடக்க எழுத்தாளர் பணி – தாவரவியல் பட்டதாரி – தமிழ், ஆங்கில மாதிரிகள் மூன்று
>
> வணக்கம்.
>
> உங்கள் தளத்தின் பூச்சி மேலாண்மைப் பகுதியில் பப்பாளிக்கும் மரவள்ளிக்கும் தனித்தனிக் கட்டுரைகள் இருக்கின்றன. இரண்டையும் தாக்கும் மாவுப்பூச்சி பற்றி இன்னும் எழுதப்படவில்லை. அதைப் பற்றி நான் எழுதிய பதிவை முதல் மாதிரியாக அனுப்புகிறேன். நான் இவ்வாண்டு தாவரவியலில் இளநிலைப் பட்டம் பெற்றேன். உங்கள் உள்ளடக்க எழுத்தாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன்.
>
> பப்பாளி மாவுப்பூச்சியும் ஒட்டுண்ணிக் குளவியும் (தமிழ்): 2008-ல் கோவையில் தென்பட்ட பூச்சி, 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த குளவிகளால் அடங்கியது எப்படி என்பது. ஒரு பேராசிரியரிடமும் ஒரு மரவள்ளி விவசாயியிடமும் நேரில் பேசி எழுதியது.
>
> வேப்பெண்ணெய்க் கரைசல்: பிரிந்து மிதக்காமல் கலப்பது எப்படி (தமிழ்): லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய். எண்ணெயைத் தண்ணீரில் விடுமுன் சோப்புக் கரைசலில் கலக்க வேண்டியதன் காரணம். படங்கள் நான் எடுத்தவை.
>
> தென்னை நார்க்கழிவை அலசுவது ஏன் (ஆங்கிலம்): நார்க்கழிவில் தங்கும் உப்பு நாற்றை எப்படிப் பாதிக்கிறது என்பதை வீட்டுத் தொட்டிகளில் பார்த்து எழுதியது.
>
> மூன்றும் திறக்காவிட்டால் பார்ப்பதற்காக ஒரே பிடிஎஃப் கோப்பாகவும் இணைத்திருக்கிறேன். உங்கள் விளம்பரத்தில் கேட்டபடி இரு மொழிகளிலும் எழுதுகிறேன். கோவைக்கு வந்து பணியாற்ற எனக்குத் தடையில்லை.
>
> நன்றி.
>
> பெயர், தொலைபேசி எண், வலைப்பூ முகவரி

மாடக்குளத்தான்

பொருள் வரி நன்றாக அமைந்திருக்கிறது. "மதிப்பிற்குரிய" என்பதை எடுத்துவிட்டது மட்டும் எனக்கு நெருடுகிறது. பெயர் தெரியாத பெரியவருக்கு எழுதும்போது "ஐயா/அம்மையீர்" என்று ஒரு விளி வேண்டாமா?

மேசைவிளக்கு

ஐயா, உங்கள் சொல்லை மதித்து "மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர், வணக்கம்" என்று போடலாம். அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. நிறுவனத்தின் தளத்தில் ஆசிரியர் குழுவின் பெயர்கள் இருந்தால், உரியவரின் பெயரைச் சொல்லி "அவர்களுக்கு" என்று எழுதுவது இன்னும் நல்லது.

கடிதத்தைப் பற்றி: இதைப் படித்தால் நான் முதல் இணைப்பைத் திறப்பேன். ஒவ்வொரு மாதிரிக்கும் என்ன செய்தீர்கள், யாரிடம் பேசினீர்கள் என்று சொல்லியிருப்பதுதான் காரணம். இரண்டு திருத்தங்கள். வேப்பெண்ணெய்ப் பதிவில் சர்ச் கன்சோல் எண் ஏதாவது இருந்தால் அங்கே ஒரு தொடர் சேர்க்கலாம். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள், குறையாகத் தெரியாது. மற்றது, "மூன்றும் திறக்காவிட்டால் பார்ப்பதற்காக" என்ற வாக்கியம் தடுமாறுகிறது. எழுத்தாளர் வேலைக்கான கடிதத்தில் கடிதமும் ஒரு மாதிரிதான். "இணைப்பு திறக்காதவர்களுக்காக மூன்றையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக இணைத்திருக்கிறேன்" என்று போடுங்கள்.

கிருதுமால்

முதல் பத்தி எனக்கு உறுத்துகிறது. உங்கள் தளத்தில் இது இல்லை என்று முதல் மூச்சிலேயே சொல்வது குறை கண்டுபிடிப்பதுபோல் படாதா? எங்கள் மேலாளரிடம் இப்படி வந்திருந்தால் முகம் சுளித்திருப்பார். தளத்தைப் பாராட்டி ஒரு வரி எழுதிவிட்டு, பிறகு இதைச் சொல்லலாம்.

மேசைவிளக்கு

நான் ஒருபோதும் முகம் சுளிக்க மாட்டேன். தளத்தைப் படித்திருக்கிறார் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அனுப்பும் நாளன்று மறுபடி ஒருமுறை தேடிப் பாருங்கள். மாவுப்பூச்சி பற்றி வேறொரு தலைப்பின் கீழ் அவர்கள் எழுதியிருந்தால், அந்த ஒரு வரியால் கடிதம் முழுவதும் விழுந்துவிடும்.

வேர்க்கால்

தேடிப் பார்த்தேன். செம்பருத்தி பற்றிய ஒரு கட்டுரையில் மாவுப்பூச்சி இரண்டு வரியில் வருகிறது. அது வேறு வகைப் பூச்சியாக இருக்கலாம், பெயர் கொடுக்கவில்லை. ஆகவே இப்படி மாற்றுகிறேன்: "செம்பருத்திக் கட்டுரையில் மாவுப்பூச்சியைச் சுருக்கமாகத் தொட்டிருக்கிறீர்கள். பப்பாளியையும் மரவள்ளியையும் தாக்கும் மாவுப்பூச்சியைப் பற்றி நான் விரிவாக எழுதிய பதிவை முதல் மாதிரியாக அனுப்புகிறேன்."

கிருதுமால்

இது நன்றாக இருக்கிறது. இப்போது குறை சொல்வதாகத் தெரியவில்லை.

தெற்குவாசல்

ஒரு சந்தேகம். விளம்பரம் ஆங்கிலத்தில் வந்ததா, தமிழிலா? ஆங்கிலத்தில் வந்திருந்தால் கடிதமும் ஆங்கிலத்தில்தானே போக வேண்டும்?

வேர்க்கால்

விளம்பரம் ஆங்கிலத்தில்தான் வந்தது. அவர்களுடைய தளம் பெரும்பாலும் தமிழில் இருப்பதால் தமிழில் எழுதினேன்.

மேசைவிளக்கு

விளம்பரம் எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியில் எழுதுவதே பாதுகாப்பானது. முதலில் பிரித்துப் படிப்பவர் தமிழ் வாசிக்காத மனிதவளப் பொறுப்பாளராக இருக்கலாம். கடிதம் ஆங்கிலத்தில் போனால், மூன்று மாதிரிகளில் இரண்டு தமிழ் என்பதால் மொழிச் சமநிலையும் சரியாகிவிடும்.

நிழற்குடை

நான் இதற்கு உடன்படவில்லை. அவருடைய தமிழ்தான் அவருடைய பலம், அந்தக் கடிதத்தைப் படித்தாலே அது தெரிகிறது. ஆங்கிலத்தில் எழுதினால் மற்ற விண்ணப்பங்களோடு கலந்துவிடும். ஆங்கிலத்தில் இரண்டு வரி அறிமுகம், கீழே தமிழ்க் கடிதம் என்று அனுப்பலாமே?

மேசைவிளக்கு

இரண்டையும் போட்டால் நீளம் கூடும், முதல் மாதிரி திரைக்குக் கீழே போய்விடும். என் கருத்து அதுவே. ஆனால் விளம்பரத்தில் தொடர்புக்குத் தொலைபேசி எண் இருந்தால் அழைத்து, எந்த மொழியில் அனுப்பலாம் என்று கேட்பதில் தவறில்லை.

வேர்க்கால்

எண் இருக்கிறது. நாளை அலுவலக நேரத்தில் அழைத்துக் கேட்கிறேன். அதற்குள் ஆங்கிலத்திலும் ஒன்று எழுதி இங்கே போடுகிறேன். இன்னொன்றும் கேட்க வேண்டும்: தேர்வுக்காக ஆயிரம் சொற்களில் ஒரு கட்டுரை எழுதித் தரச் சொன்னால், ஊதியம் இல்லாமல் தரலாமா?

தெற்குவாசல்

தராதீர்கள். நான் எழுதிக் கொடுத்த ஒரு கட்டுரை, வேலை கிடைக்காமலேயே அவர்கள் தளத்தில் வெளிவந்தது.

மேசைவிளக்கு

நாங்கள் முந்நூறு சொற்கள் மட்டும் கேட்போம், எங்கள் தளத்தில் ஏற்கெனவே வெளிவந்த தலைப்பில், அதைப் பயன்படுத்திக்கொள்ள மாட்டோம் என்று எழுதியும் கொடுப்போம். ஆயிரம் சொற்கள், அதுவும் அவர்களுக்கு உடனே தேவைப்படும் தலைப்பில் என்றால், வெளியிடுவதாக இருந்தால் ஊதியம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். கேட்பதற்கே சினந்துகொள்ளும் இடமாக இருந்தால் அதையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டதாக ஆகும்.

கிருதுமால்

புதிதாக வருபவர் அப்படிக் கேட்டால் அடுத்தவரை அழைத்துவிடுவார்கள். நான் எழுதிக் கொடுத்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன். ஆயிரம் சொல்லானாலும் கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

வேர்க்கால்

இருவர் சொல்வதும் புரிகிறது. கேட்டால் அப்போது முடிவு செய்கிறேன். ஆங்கிலக் கடிதத்தை நாளை மாலைக்குள் இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.